ஆடு புலி ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது?

கேள்வி: "எங்க வீட்டுல ஆடு புலி ஆட்டம் ஆடினா புலி வச்சிருக்கிறவங்கதான் எப்பவும் ஜெயிக்கிறாங்க. ஊர்ல மாமாகிட்ட ஆடினா அவர் ஆடு வச்சுக்கிட்டு எங்க புலியை ஒருதடவைகூட விடமாட்டேங்கிறார். இந்த ஆட்டம் உண்மையில யார் பக்கம்? ரெண்டு பேருக்கும் சமமா இருக்க என்ன விதி மாத்தணும்?"

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது ஒன்று. ஆடுகிறவர்களின் பழக்கத்தால் சாய்கிறதா என்பது இன்னொன்று. உங்கள் வீட்டில் புலி ஜெயிப்பது இரண்டாவது வகை, மாமா ஜெயிப்பது முதல் வகை. நான் கணக்கு ஆசிரியர். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துப் பல வருடமாகிறது. கீழே எது எண்ணிப் பார்த்து உறுதியாகச் சொல்வது, எது ஆடிப் பார்த்த அனுபவம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

நான் பேசுவது நம் ஊரில் பரவலாக ஆடும் 23 புள்ளிக் கட்டம், 3 புலி, 15 ஆடு. ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேலே உச்சிப் புள்ளி ஒன்று. அதிலிருந்து நான்கு கோடுகள் சரிந்து இறங்குகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டும் மூன்று படுக்கை வரிகள், ஒவ்வொன்றிலும் 6 புள்ளிகள். அந்த மூன்று வரிகளையும் இரண்டு ஓரங்களிலும் செங்குத்துக் கோடுகள் இணைக்கின்றன. எல்லாவற்றுக்கும் கீழே, சரிவுக் கோடுகள் முடியும் இடத்தில் 4 புள்ளிகள் கொண்ட அடிவரி. ஆக 1 + 18 + 4 = 23. புள்ளிகளை வரி எண், இட எண் என்று குறிக்கிறேன். 2-3 என்றால் இரண்டாம் வரியில் இடமிருந்து மூன்றாவது புள்ளி. அடிவரி நான்காவது வரி. அதன் புள்ளிகளை மேலே உள்ள சரிவுக் கோட்டோடு பொருந்தும்படி 4-2, 4-3, 4-4, 4-5 என்று எண்ணுகிறேன்.

விதியும் தெரிந்ததுதான். புலி பக்கத்துப் புள்ளியில் இருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த புள்ளி காலியாக இருந்தால் அங்கே உட்கார்ந்து ஆட்டை வெட்டும். ஒரு முறைக்கு ஒரு ஆடுதான். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும், 15-உம் இறங்கிய பிறகே நகரும். மூன்று புலிகளும் நகர முடியாமல் அடைபட்டால் ஆடு ஜெயித்தது. புலிகள் உச்சியிலும் 1-3, 1-4 ஆகிய இடங்களிலும் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். சில வீடுகளில் புலியையும் ஆட்டையும் மாறி மாறி இறக்குவார்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது கட்டத்தையே பார்ப்போம். ஒரு ஆடு வெட்டுப்பட வேண்டுமானால் அது ஒரு நேர்கோட்டில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் புலி, மறுபக்கம் காலி. கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டை அந்தக் கோட்டில் தாண்டவே முடியாது. இந்தக் கட்டத்தில் எந்தக் கோட்டுக்கும் நடுவில் வராத, எல்லாக் கோட்டுக்கும் முனையாகவே இருக்கிற புள்ளிகளை எண்ணுங்கள். உச்சி, 1-1, 1-6, 3-1, 3-6, 4-2, 4-5. மொத்தம் ஏழு. இந்த ஏழு இடங்களில் வைத்த ஆட்டை எப்பேர்ப்பட்ட புலியாலும் வெட்ட முடியாது. 23-இல் 7 என்பது சின்ன விஷயமில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒப்பிட்டுப் பார்க்க நேபாளத்தின் பாக் சால் என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஐந்துக்கு ஐந்து, 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. அங்கே இப்படிப் பத்திரமான இடங்கள் நான்கு மூலைகள் மட்டும்தான். அந்த நான்கிலும் தொடக்கத்திலேயே புலிகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஆட்டத்தை லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இருவர் கணினியில் முழுக்க ஆராய்ந்து, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று நிறுவியிருக்கிறார்கள். நம் கட்டத்தில் பத்திரமான இடங்கள் அதைவிட அதிகம், புலியும் ஒன்று குறைவு.

பத்திரமான இடம் ஒன்று கிடைத்துவிட்டால் அதன் பத்திரம் பக்கத்து ஆட்டுக்கும் பரவுகிறது. இதுதான் உங்கள் மாமாவின் ரகசியம் என்று நினைக்கிறேன். ஒரு ஆட்டின் வழியாகப் போகிற ஒவ்வொரு கோட்டிலும், அதன் இரண்டு பக்கங்களில் ஏதாவது ஒரு பக்கத்தில் இன்னொரு ஆடு நின்றால் போதும், அந்த ஆடு பத்திரம். அந்தப் பக்கத்திலிருந்து புலி தாண்டவும் முடியாது, மறுபக்கத்திலிருந்து தாண்டி வந்தால் உட்கார இடமும் இல்லை. பிள்ளைகளிடம் இதை "முதுகுக்கு ஒரு ஆடு" என்று சொல்லிக் கொடுப்பேன்.

இதை வைத்து ஒரு ஆட்டத்தை ஆடிப் பார்ப்போம். முதல் ஆட்டை 4-2-இல் வையுங்கள். முனை, அதனால் பத்திரம். புலி 1-3-இலிருந்து 2-3-க்கு இறங்குகிறது. இரண்டாவது ஆடு 4-3-இல். அதற்கு இடப்பக்கம் ஆடு இருக்கிறது, சரிவுக் கோட்டில் அது முனை. பத்திரம். புலி 3-3-க்கு வந்து ஆட்டின் தலைக்கு மேலே நிற்கிறது. ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது ஆடு 4-4, நான்காவது 4-5. அடிவரி மூடிவிட்டது. முதல் வரியிலிருந்து அடிவரிக்கு வர எந்தப் புலிக்கும் குறைந்தது மூன்று நகர்த்தல் வேண்டும், 4-5-க்கு வர நான்கு வேண்டும். அதற்குள் ஆடுகள் உட்கார்ந்துவிடும். புலி எப்படி ஆடினாலும் இந்த நான்கு ஆடுகளையும் இழப்பில்லாமல் வைக்கலாம் என்பது உறுதி, விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம்.

அடிவரி நிறைந்ததும் மூன்றாம் வரியின் 3-2 முதல் 3-5 வரை எல்லாவற்றுக்கும் சரிவுக் கோட்டில் முதுகு கிடைத்துவிடுகிறது. இனிப் படுக்கை வரியைப் பார்த்துக்கொண்டால் போதும். 3-1 முனை. அதில் ஒரு ஆடு, பிறகு 3-2, பிறகு 3-3 என்று ஓரத்திலிருந்து சுவர் கட்டுவதுபோல் வரலாம். புலி 3-1-இல் உட்கார்ந்திருந்தால் மறுமுனை 3-6-இலிருந்து கட்டுங்கள். புலி நடுவில் 3-3-இல் நின்றால் இரு ஓரங்களிலிருந்தும் கட்டிக்கொண்டு வாருங்கள், அது இருக்கிற இடம் தவிர மற்றவை நிறையும். மூன்றாம் வரி முடிந்தால் 10 ஆடுகள். அதே முறையில் 2-1, 2-2, 2-3, இந்தப் பக்கம் 2-6, 2-5. பதினைந்தும் இறங்கிவிட்டன. புலிகள் உச்சி, முதல் வரி, 2-4 ஆகிய 8 புள்ளிகளுக்குள் சுருங்கிவிட்டன. இது புலிகள் பெரும்பாலும் மேலேயே சுற்றினால் நடப்பது. இடையில் வந்து நின்றால் சுவரில் ஓட்டைகள் இருக்கும், ஆனாலும் கவனமாக ஆடுகிறவர் இழப்பது அபூர்வம்.

அப்படியானால் உங்கள் வீட்டில் ஏன் ஆடு தோற்கிறது? புதிதாக ஆடுகிறவர் புலியைப் பார்த்ததும் அதை மறிக்கப் போகிறார். 1-3-இல் புலி நிற்கிறது, அதன் நேர்கீழே 2-3-இல் ஒரு ஆட்டை வைக்கிறார். 3-3 காலி. அடுத்த நகர்த்தலில் ஆடு போயிற்று. அந்தக் கோபத்தில் இன்னொன்றை 2-4-இல் வைக்கிறார், அதுவும் போகிறது. ஆடு வைக்கும் கட்டத்தில் வேலை புலியை மறிப்பது இல்லை, ஆடுகளுக்கு முதுகு கொடுப்பதுதான். மறிப்பது பதினைந்தும் இறங்கிய பிறகு வரும் வேலை. இந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்தால் நீங்கள் ஒரே மாலையில் வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள்.

இழந்த ஆடு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், புலியை அடைக்க ஆகும் ஆடுகளின் எண்ணிக்கை புலி நிற்கும் இடத்தைப் பொறுத்து மிகவும் மாறுகிறது. 1-1 மூலையில் நிற்கும் புலியை அடைக்க 4 ஆடு போதும்: 1-2, 1-3, 2-1, 3-1. நடுவில் 2-3-இல் தனியாக நிற்கும் புலிக்கு 8 வேண்டும், பக்கத்தில் நான்கு, தாண்டி இறங்கும் இடத்தில் நான்கு. மூன்று புலிகளும் உச்சி, 1-3, 1-4 என்று ஒட்டி நின்றால் ஒன்றையொன்று அவையே மறிப்பதால் 10 ஆட்டில் அடைத்துவிடலாம். அதே புலிகள் 2-2, 2-5, 3-3 என்று பரவி நின்றால் 15-உம் வேண்டும். நான் எண்ணிய கணக்கு இது, நீங்களும் கல்லை வைத்து எண்ணிப் பாருங்கள். ஆக, ஒரே ஒரு ஆடு குறைந்தாலும் அந்த நிலையில் புலிகளைக் கட்ட முடியாது. புலியும் ஒவ்வொரு முறையும் நகர்ந்தே ஆக வேண்டும் என்பதால் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது, உண்மைதான். ஆனால் பரவி நிற்கும் புலிக்கும் மூலைக்குப் போன புலிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எண்ணிப் பார்த்ததிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது: இந்தத் தொடக்க நிலையில் ஆடுகளுக்கு மிகப் பத்திரமான ஒரு கட்டுமானம் இருக்கிறது, புலிக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தச் சுவரைக் கட்டிய ஆடு கடைசியில் புலிகளைக் கட்டாயம் அடைத்துவிடும் என்பதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சுவர் கட்டி முடிந்த பிறகு ஆடும் நகர்ந்தே ஆக வேண்டும், முன்னேறும்போது சுவர் திறக்கும். அவசரப்பட்டு 2-2 ஆட்டை 1-2-க்கு ஏற்றினால், 1-1-இல் புலி நின்று 1-3 காலியாக இருந்தால் அது போயிற்று. பொறுமையில்லாதவர் இங்கேதான் இழக்கிறார். பொறுமையுள்ளவர் 2-4 காலியாக இருக்கும்போது 2-3 ஆட்டை அங்கே நகர்த்தி, பிறகு திரும்ப நகர்த்தி, புலி தவறு செய்யும்வரை காத்திருப்பார். இந்த இரண்டு இடத்துக்கும் முதுகு இருக்கிறது என்பதால் ஆபத்தில்லை. என் அனுபவத்தில் சமமான திறமையுள்ள இருவர் ஆடினால் ஆடு ஜெயிக்கும், இல்லையென்றால் ஆட்டம் முடியாமல் இழுக்கும். புலி ஜெயிப்பது குறைவு.

சமப்படுத்துவதற்கு எல்லோரும் முதலில் தொடுவது ஆட்டின் எண்ணிக்கையை. 15-ஐ 13 ஆக்குவார்கள். நானும் செய்து பார்த்தேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆடு குறைந்தால் சுவர் கட்டுவது கடினமாவதில்லை, ஏனென்றால் அடிவரியும் மூன்றாம் வரியும் சேர்த்து 10 ஆடுதான். குறைவது புலியை அடைக்கும் திறன். விளைவு, ஆடும் தோற்காது, புலியும் அடைபடாது, இரண்டு பேரும் சலித்து எழுந்து போவார்கள். ஒரே முறையில் இரண்டு மூன்று ஆட்டைத் தாண்ட விடுவதும் சரிவராது. அது முதுகில்லாத ஆட்டை வைக்கும் புதியவரைத்தான் இன்னும் தண்டிக்கிறது, சுவர் கட்டுகிறவரை ஒன்றும் செய்வதில்லை.

சாய்வுக்குக் காரணம் அடிவரி முழுக்க ஆட்டுக்கு இலவசமாகக் கிடைப்பது. ஆகவே நான் மாற்றுவது புலிகளின் தொடக்க இடத்தை. ஒரு புலி உச்சியில், ஒன்று 4-3-இல், ஒன்று 2-4-இல். இப்போது என்ன ஆகிறது பாருங்கள். 4-3-இல் புலி இருப்பதால் 3-3-க்குக் கீழே முதுகு இல்லை. அங்கே ஆடு வைக்க வேண்டுமானால் முதலில் 2-3-இல் ஆடு நிற்க வேண்டும். அதற்கோ 2-4-இல் நிற்கும் புலி தொல்லை. 4-4-ஐ நிரப்ப வேண்டுமானால் முதலில் 4-5-ஐப் பிடிக்க வேண்டும். சரி, மேலிருந்து கட்டலாம் என்றால் உச்சியில் புலி. உச்சியில் ஆடு இருந்தால்தான் 1-2 முதல் 1-5 வரை எல்லாவற்றுக்கும் சரிவுக் கோட்டில் முதுகு கிடைக்கும். ஆடு ஓரங்களிலிருந்து, 1-1, 2-1, 3-1 என்று நெடுக்காகக் கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும். கட்டலாம், ஆனால் இடையில் 2-3 போன்ற இடங்களில் ஒரு முறையாவது முதுகில்லாமல் வைத்துவிட்டுப் புலி வரும் பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தை நிரப்ப வேண்டும். ஆட்டுக்காரருக்கு உண்மையான யோசனை அங்கே தொடங்குகிறது. புலிக்காரருக்கும் ஒரு தவிப்பு இருக்கிறது: அடிவரிப் புலியை நகர்த்தினால் அந்த இடம் ஆட்டின் அடுத்த முறையிலேயே நிறைந்துவிடும், நகர்த்தாமல் இருந்தால் மற்ற இரண்டை வைத்து மட்டுமே ஆட வேண்டும்.

புலியையும் ஆட்டையும் மாறி மாறி இறக்கும் வீடுகளில் இந்த மாற்றம் தானாகவே கிடைக்கிறது. புலிக்காரர் கடைசிப் புலியை எங்கே வைப்பது என்பதைத் தானே முடிவு செய்யலாம். அங்கே நான் புலிக்காரரிடம் சொல்வது ஒன்றுதான்: ஒன்றாவது கீழே இருக்கட்டும், மூலைக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது மாற்றம் இழுபறிக்கு. பதினைந்தும் இறங்கிய பிறகு, ஆடு ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மூன்றாவது முறை போய் வரக் கூடாது, வேறு ஆட்டை நகர்த்த வேண்டும். சுவருக்குப் பின்னால் காத்திருக்கும் ஆட்டக்காரரை இது வெளியே இழுக்கிறது. இதே விதியைப் புலிக்கும் வையுங்கள் என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அடைபடும் நிலைக்கு அருகில் இருக்கும் புலிக்குப் போகச் சில நேரம் இரண்டு புள்ளிகள்தான் மிஞ்சும். அதையும் தடுத்தால் அடைபடாத புலியையே அடைபட்டதாக்கிவிடும்.

புலி ஜெயிக்க எத்தனை ஆடு வெட்ட வேண்டும் என்ற எண்ணை நான் திறமை வித்தியாசத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். பாக் சாலில் 5. நம் கட்டத்தில் உங்கள் மாமா ஆடு வைத்தால் 2 வெட்டியதும் புலி ஜெயித்தது என்று வையுங்கள். அவரே ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் ஒரு ஆடு போவதே தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் ஆடு வைக்கும்போது 6 என்று வையுங்கள். முதல் ஒன்றிரண்டு ஆடு தவறிப் போனாலும் ஆட்டம் உயிரோடு இருக்கும், சுவர் கட்டக் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் யார் பக்கம் சாய்கிறது என்று சண்டை வந்தால் ஏலம் விடுங்கள். ஒருவர் "12 ஆடு, 3 வெட்டினால் புலிக்கு வெற்றி" என்பதுபோல் விதியைச் சொல்ல வேண்டும், மற்றவர் எந்தப் பக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விதியைச் சொல்கிறவர் ஒரு பக்கம் சாய்த்துச் சொன்னால் அந்தப் பக்கத்தை எதிராளி எடுத்துக்கொள்வார் என்பதால் தானாகவே நடுவில் சொல்லுவார். அடுத்த ஆட்டத்தில் மாறிச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பெரிய பிள்ளைகள் இப்படி ஆடும்போது ஆட்டின் எண்ணிக்கையைவிட வெட்டும் எண்ணிக்கையைத்தான் அதிகம் பேரம் பேசுகிறார்கள்.

மாமாவிடம் அடுத்த முறை ஆடும்போது முதலில் தொடக்க இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். அவர் முதல் ஆட்டை எங்கே வைக்கிறார் என்று கவனியுங்கள். வழக்கம்போல் 4-2-இல் வைத்தால் 2-4-இல் நிற்கும் புலியை 2-3 வழியாக 3-3-க்குக் கொண்டு வாருங்கள், 4-3 புலியை அசைக்காதீர்கள்.